நாம், நாங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் ஆங்கிலக் கடிதங்களையும் ஒப்பந்தங்களையும் தமிழாக்குவது என் பிழைப்பு. மாங்கூழ் ஆலைகளிலிருந்தும், கிரானைட் கூடங்களிலிருந்தும், ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்தும் தாள்கள் வரும். அவற்றில் எத்தனையோ கடினமான சட்டச் சொற்கள் உண்டு. அகராதியைப் புரட்டினால் அவை வழிக்கு வந்துவிடும். அகராதியில் தேடியும் பயனில்லாத சொல் ஒன்றுதான்: நாம், நாங்கள் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் பொதுவாக வரும் ‘வீ’. அதைப் பற்றிப் பிள்ளைகள், ஆசிரியர்கள், உடன் வேலை செய்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்டவற்றைக் கீழே எழுதியிருக்கிறேன்.

‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டும் ஒன்றுதானே? ஒன்று மரியாதை, ஒன்று சாதாரணம், அவ்வளவுதானே?

இல்லை. மரியாதைக்கும் இதற்கும் தொடர்பில்லை. யாரிடம் பேசுகிறோமோ அவரையும் கணக்கில் சேர்த்தால் நாம். அவரை விட்டுவிட்டு, என்னையும் என்னைச் சேர்ந்த மற்றவர்களையும் மட்டும் குறித்தால் நாங்கள். ‘நாளைக்கு நாம் ஒகேனக்கல் போகிறோம்’ என்று சொன்னால் நீங்களும் துண்டை எடுத்து வைக்க வேண்டும். ‘நாங்கள் போகிறோம்’ என்றால் வீட்டுச் சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டுப் போகப்போகிறார்கள் என்று பொருள்.

பேச்சில் இவை ‘நாம’, ‘நாங்க’ என்று தேய்ந்தாலும் வேறுபாடு தேயவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதில் பிழை செய்வதில்லை. பிழை செய்கிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போல ஆங்கிலத்தை எதிரில் வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள்தான்.

எதிரில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் எங்களோடு வருகிறார், இன்னொருவர் வரவில்லை. அப்போது எதைச் சொல்வது?

வாக்கியம் யாரை நோக்கிப் போகிறதோ அவரைப் பார்த்துத்தான் சொல் அமையும். பக்கத்தில் நின்று காதில் வாங்குகிறவர் கணக்கில் வரமாட்டார்.

இதை எனக்குத் தெளிவாகக் காட்டியது ஆறு வயதுப் பெண் ஒருத்தி. பள்ளி விடுமுறைக்குத் தருமபுரியில் அத்தை வீட்டுக்கு வந்திருந்தாள். அத்தை வாசலில் நின்று எதிர்வீட்டு அம்மாவிடம், ‘அக்கா, நாங்கள் நாளைக்கு ஒகேனக்கல் போகிறோம், பால் வாங்கி வைத்துவிடுங்கள்’ என்றார். குழந்தையின் முகம் சுருங்கிவிட்டது. ‘அத்தை, அப்படியென்றால் நான் வரவில்லையா?’ என்று கேட்டாள். அத்தை சிரித்துவிட்டு, ‘நீ இல்லாமலா? நாம் எல்லோரும் பரிசலில் போகிறோம்’ என்றார்.

அதே பயணம், அதே ஆட்கள். எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்லும்போது ‘நாங்கள்’ என்பதில் குழந்தையும் அடக்கம், ஏனென்றால் அந்த வாக்கியம் அவளுக்குச் சொல்லப்பட்டதல்ல. அவள் பக்கம் திரும்பியதும் அது ‘நாம்’ ஆகிவிட்டது. தன் காதில் விழுந்ததைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டதுதான் குழந்தையின் குழப்பம். இலக்கணத்தில் அவள் பிழை செய்யவில்லை. தன்னிடம் யாராவது ‘நாங்கள்’ என்றால் தான் அதில் இல்லை என்பது ஆறு வயதிலேயே அவளுக்கு உறுதியாகத் தெரிந்திருக்கிறது.

மேடையில் நின்று பேசுகிறவருக்குத்தான் சிக்கல். கூட்டத்தில் பாதிப் பேர் தன் ஆட்கள், பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அவர் எல்லோரையும் ‘நாம்’ என்றே அழைப்பார். சுவரெழுத்தில் ‘நமது சின்னம்’ என்றிருப்பதும் அப்படித்தான்: படிக்கிறவரை அவரைக் கேட்காமலே கட்சியில் சேர்த்துக்கொள்கிறது. வாக்காளர் பதில் சொல்லும்போது மட்டும் ‘எங்கள் ஓட்டு விற்பனைக்கு அல்ல’ என்று வேட்பாளரை வெளியே நிறுத்திவிடுவார்.

‘நாம்’ என்பதற்கு ‘நம்முடைய’ வருகிறது, சரி. ‘நாங்கள்’ என்பதற்கு ‘நாங்களுடைய’ வராமல் ‘எங்களுடைய’ எப்படி வந்தது?

இதுவரை எனக்கு வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. கேட்டவர் ஒன்பதாம் வகுப்பு மாணவர்.

பழந்தமிழில் ‘நாங்கள்’ என்ற சொல் இல்லை. அந்த இடத்தில் இருந்தது ‘யாம்’. கேட்பவரைச் சேர்க்காவிட்டால் யாம், சேர்த்தால் நாம். ஒருமைக்கு ‘யான்’. வேற்றுமை உருபு சேரும்போது யான் ‘என்’ ஆகும், யாம் ‘எம்’ ஆகும், நாம் ‘நம்’ ஆகும். ஒழுங்கான மூன்று வரிசை.

பிறகு இரண்டு மாற்றங்கள் நடந்தன. ‘நாம்’ என்பதைப் பார்த்து அதன் சாயலில் ‘நான்’ என்ற புதிய ஒருமை பிறந்தது. யான் மெல்ல ஏட்டோடு நின்றுவிட்டது. யாமும் வழக்கிலிருந்து விலக, அதன் வேலையைச் செய்யக் ‘கள்’ விகுதி சேர்ந்த ‘நாங்கள்’ வந்தது. ஆனால் இந்தப் புதுமை எழுவாயோடு நின்றுவிட்டது. உருபு ஏற்கும் வடிவம் பழைய ‘எம்’ மீதே ‘கள்’ சேர்த்து ‘எங்கள்’ ஆயிற்று. ஆகவே நாம் ‘நாங்கள் எங்கள் ஊருக்குப் போகிறோம்’ என்று சொல்லும்போது முதல் சொல்லில் இருப்பது புதிய வேர், இரண்டாவது சொல்லில் இருப்பது பழைய யாமின் மிச்சம்.

அந்த ‘எம்’ எவ்வளவு கூர்மையாக வேலை செய்தது என்பதற்குத் தருமபுரிக்காரர்கள் தொலைவில் தேட வேண்டாம். தகடூர் என்பது தருமபுரியின் பழைய பெயர். அதியமான் நெடுமான் அஞ்சி அதன் தலைவன். அவனுக்காக ஔவையார் பகைவர்களைப் பார்த்துப் பாடிய புறநானூற்று 87ஆம் பாடலில் ‘களம்புகல் ஓம்புமின் தெவ்விர்’ என்று தொடங்கி, ‘எம்முளும் உளன் ஒரு பொருநன்’ என்கிறார். பகைவர்களே, போர்க்களத்துக்குள் வராதீர்கள், எங்களுள்ளும் ஒரு வீரன் இருக்கிறான். ஒரு நாளைக்கு எட்டுத் தேர் செய்யக்கூடிய தச்சன் ஒரு மாதம் உட்கார்ந்து செய்த ஒற்றைச் சக்கரம் போன்றவன் அவன்.

அந்த இடத்தில் ‘நம்முளும்’ என்று போட்டுப் பாருங்கள். மிரட்டலே கலைந்துவிடும். பகைவர்களும் தகடூர்க்காரர்களும் ஒரே படையாகிவிடுவார்கள். எல்லைக் கோடு முழுவதும் அந்த ஓர் எழுத்தில் இருக்கிறது.

‘போகிறோம்’ என்று மட்டும் சொன்னால்? ‘ஓம்’ விகுதியில் நாமா நாங்களா என்பது தெரியவில்லையே.

தெரியாது. இன்றைய தமிழில் வேறுபாடு பெயரில் மட்டும்தான் இருக்கிறது, வினையில் இல்லை. நாம் போகிறோம், நாங்கள் போகிறோம் இரண்டுக்கும் முடிவு ஒன்றே. பெயரை விட்டுவிட்டால் தமிழும் ஆங்கிலம் போல மங்கலாகிவிடும்.

ஆனால் வினையிலும் இதைப் பிரித்துக் காட்டிய இலக்கணம் நம்மிடம் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இப்படிச் சொல்கிறது:

அம்ஆம் என்பன முன்னிலை யாரையும்
எம்ஏம் ஓம்இவை படர்க்கை யாரையும்
உம்ஊர் கடதற இருபா லாரையும்
தன்னொடு படுக்கும் தன்மைப் பன்மை

அதாவது ‘உண்டனம்’, ‘உண்டாம்’ என்றால் யானும் நீயும் உண்டோம். ‘உண்டனெம்’, ‘உண்டேம்’, ‘உண்டோம்’ என்றால் யானும் அவனும், நீ இல்லை. மூன்றாவதாக, ‘உண்கும்’ போன்ற வடிவம் யானும் நீயும் அவனும் மூவரும் சேர்ந்தது. இதற்கு உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று பெயர்: தன்னோடு யாரை உட்படுத்துகிறோம் என்பதை வைத்துப் பகுத்த பன்மை.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நன்னூல் ‘ஓம்’ விகுதியைக் கேட்பவரைச் சேர்க்காத வரிசையில் வைத்திருக்கிறது. மற்ற விகுதிகள் எல்லாம் வழக்கொழிந்து இன்று நமக்கு மிஞ்சியிருப்பது அந்த ‘ஓம்’ ஒன்றுதான். எனவே இன்று ‘நாம் போவோம்’ என்று யாரையாவது கூட அழைத்தால், பவணந்தியார் கணக்கில் பெயர் அவரை உள்ளே இழுக்கிறது, விகுதி வெளியே தள்ளுகிறது. சங்கப் பாடல்கள் எல்லாவற்றிலும் இந்தப் பங்கீடு பிசகாமல் இருக்கிறது என்றும் எண்ணிவிட வேண்டாம். விதி வழக்கை விடச் சற்று நேர்த்தியாக இருக்கும். இலக்கணங்களின் இயல்பு அது.

நன்னூலை எழுதச் செய்தவன் சீயகங்கன் என்ற கங்க மரபுச் சிற்றரசன். கங்கர்களின் பழைய ஊர் கோலார், கிருஷ்ணகிரி மாவட்டத்து எல்லையைத் தாண்டினால் வருகிற கோலார் மாவட்டம்தான். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உரசிக்கொள்கிற இந்தப் பக்கத்தோடு தொடர்புடைய ஒரு நூலில் இந்த நுணுக்கம் பதிவாகியிருப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

ஐரோப்பியர்கள் இப்படி ஒரு வேறுபாட்டை முதன்முதலில் எழுதி வைத்தது 1560இல். தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழிக்கு இலக்கணம் எழுதிய தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ் என்ற ஸ்பானியத் துறவி அதைக் குறித்தார்.

ஆங்கிலத்தில் ஏன் இது இல்லை? அவர்களுக்கு ‘நான்’ என்பதுதான் பெரிது, ‘நாம்’ என்ற எண்ணமே குறைவு என்று எங்கள் ஆசிரியர் சொன்னார்.

ஆசிரியர் மேல் மதிப்பு வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் காரணத்தை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மனப்பான்மைதான் காரணம் என்றால், கூட்டுக் குடும்பத்துக்குப் பெயர்போன இந்திக்காரர்களிடம் இரண்டு சொல் இருந்திருக்க வேண்டும். அவர்களிடமும் ‘ஹம்’ ஒன்றுதான். இன்னும் பக்கத்தில் ஒரு சான்று இருக்கிறது, அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

காரணம் வம்சாவளி. ஆங்கிலம், ஜெர்மன், லத்தீன், சமஸ்கிருதம் எல்லாம் இந்தோ ஐரோப்பியம் என்ற ஒரே மூதாதை மொழியின் கிளைகள். அந்தக் கிளைகளை ஒப்பிட்டு மூல மொழியை மீட்டுருவாக்கும்போது இந்த வேறுபாடு கிடைப்பதில்லை. பாட்டியிடம் இல்லாத நகை பேத்திக்கு எப்படி வரும்? திராவிட மூலத்திலோ ‘யாம்’ வகை ஒன்று, ‘ஞாம்’ வகை ஒன்று என இரண்டும் இருந்ததாக மீட்டுருவாக்கியிருக்கிறார்கள். தமிழ் அதைப் பெற்று வைத்துக்கொண்டது. உலக மொழிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில் இந்த வேறுபாடு உண்டு. ஆங்கிலம் பெரும்பான்மைப் பக்கம் நிற்கிறது, நாம்தான் சிறுபான்மை.

பழைய ஆங்கிலத்திடம் வேறொரு நகை இருந்தது. ‘வீ’ என்பதோடு ‘விட்’ என்றும் ஒரு சொல் வைத்திருந்தார்கள். ‘விட்’ என்றால் சரியாக இரண்டு பேர். அதுவும் கேட்பவரைச் சேர்ப்பதா விடுவதா என்று பிரிக்கவில்லை. நானும் நீயும் என்றாலும் ‘விட்’, நானும் அவனும் என்றாலும் ‘விட்’. 13ஆம் நூற்றாண்டளவில் அதுவும் மறைந்துவிட்டது. ஆங்கிலம் இழந்தது எண்ணிக்கைப் பிரிவை. நாம், நாங்கள் பிரிவை அது இழக்கவில்லை. அதனிடம் அது இருந்ததே இல்லை.

என்னோடு ஓசூரில் வேலை செய்யும் தோழி கன்னடக்காரர். நன்றாகத் தமிழ் பேசுவார். ஆனால் ‘நாங்கள் டீ குடிக்கப் போகலாமா?’ என்று என்னிடமே கேட்கிறார். கன்னடமும் நம் குடும்ப மொழிதானே?

குடும்ப மொழிதான். ஆனால் இன்றைய கன்னடத்தில் ‘நாவு’ ஒன்றே இரண்டு வேலையையும் செய்கிறது. பாட்டி நகையை இந்தப் பேத்தி தொலைத்துவிட்டாள். ஆகவே அவர் தமிழுக்கு வரும்போது ஒரு சொல்லை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்துவிடுகிறார். அவர் உங்களை ஒதுக்கவில்லை. டீக்கு எழுந்து போங்கள்.

ஓசூர் இதைப் பார்க்க மிக நல்ல இடம். ஒரே தெருவில் தெலுங்கு பேசுகிறவர் ‘மனமு’ என்று கேட்பவரைச் சேர்ப்பார், ‘மேமு’ என்று விடுவார். தமிழர் நாம், நாங்கள் என்பார். கன்னடர் இரண்டுக்கும் ‘நாவு’ என்பார். தெலுங்கரும் தமிழரும் ஒருவர் மொழியை ஒருவர் கற்கும்போது இந்த இடத்தில் தடுமாறுவதே இல்லை, ஒலி மட்டும்தான் மாறுகிறது. மலையாளத்திலும் நம்மள், ஞங்ஙள் என்று இரண்டு உண்டு.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. மராத்தியும் குஜராத்தியும் இந்தோ ஐரோப்பிய மொழிகள்தான், ஆனால் மராத்தியில் கேட்பவரைச் சேர்க்க ‘ஆபண்’, விட ‘ஆம்ஹீ’ என்று இருக்கிறது. குஜராத்தியில் ‘ஆபணே’, ‘அமே’. திராவிட மொழிகளோடு பழகியதால் வந்தது என்று மொழியியலார் பலர் கருதுகிறார்கள். தோழியிடம் இதையும் சொல்லுங்கள். குடும்பத்துக்குள் இருப்பவர் தொலைக்கலாம், வெளியில் இருப்பவர் வாங்கிக்கொள்ளலாம். மனப்பான்மைக் கோட்பாடு இங்கேயே விழுந்துவிடுகிறது: ஓசூர்க் கன்னடருக்கும் ஓசூர்த் தெலுங்கருக்கும் ஒட்டுறவில் என்ன வேற்றுமை கண்டோம்?

அப்படியானால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

சூழலை வைத்து. அது போதவில்லை என்றால் ‘நீயும் நானும்’, ‘நாம் எல்லோரும்’, ‘நீ இல்லாமல்’ என்பது போல ஏதாவது ஒட்டுப்போடுவார்கள். ஓர் இடத்தில் மட்டும் இந்த வேறுபாடு ஆங்கிலத்துக்குள் நுழைந்திருக்கிறது. ‘லெட்ஸ் கோ’ என்று சுருக்கிச் சொன்னால் கேட்பவரும் கட்டாயம் உண்டு: நாம் போகலாம். ‘லெட் அஸ் கோ’ என்று பிரித்துச் சொன்னால், பிடித்து வைத்திருப்பவரிடம் கெஞ்சுவதாகவும் இருக்கலாம்: எங்களைப் போகவிடு. அதைச் சுருக்கி ‘லெட்ஸ்’ என்று கெஞ்ச முடியாது.

ஆங்கிலச் சொற்களைக் கொண்டே இந்த வேறுபாட்டைக் கட்டியவர்களும் இருக்கிறார்கள். பப்புவா நியூ கினியின் டோக் பிசின் மொழியில் ‘யூமி’ என்றால் நாம். ஆங்கில ‘யூ’வும் ‘மீ’யும் சேர்ந்தது. ‘மிபெலா’ என்றால் நாங்கள். ‘மீ’யோடு ‘ஃபெல்லோ’ சேர்ந்து தேய்ந்தது. அந்தத் தீவுகளின் தாய்மொழிகள் பலவற்றில் இரண்டும் தனித்தனி. ஆங்கிலத்திலிருந்து சொல்லை வாங்கியவர்கள், இல்லாத சொல்லைத் தாங்களே செய்துகொண்டார்கள். அதே வட்டாரத்துத் தீவு நாடான வனுவாட்டுவின் நாட்டுப்பண்ணே ‘யூமி, யூமி, யூமி’ என்றுதான் தொடங்குகிறது.

ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும்போது ‘வீ’ வந்தால் எதைப் போடுவது? ஒரு விதி சொல்லுங்கள்.

விதிக்கு முன்னால் நான் சூடுபட்ட கதை.

ஒரு மாம்பழப் பருவத்தில், வெளிமாநிலத்து நிறுவனம் ஒன்று இங்குள்ள விவசாயிகள் சிலருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதியிருந்தது. பெங்களூரா ரகம், கூழுக்கு. கடிதத்தில் நான்கு வாக்கியங்கள் ‘வீ’யில் தொடங்கின. ஒன்று, இந்த ஆண்டு விளைச்சல் குறையும் என்று எதிர்பார்க்கிறோம். இரண்டு, பழம் ஆலை வாசலில் எடை போடப்படும் என்பதை ‘வீ வில் வெய்’ என்று எழுதியிருந்தார்கள். மூன்று, இறக்குக்கூலியை ஏற்க வேண்டியிருக்கும். நான்கு, திங்கட்கிழமை சந்திக்கலாம்.

நான்காவது எளிது. சந்திப்புக்கு இரண்டு தரப்பும் வேண்டும், எனவே நாம். இரண்டாவதும் எளிது. எடை மேடை அவர்களுடையது, ஆள் அவர்களுடையவர், எனவே நாங்கள். முதலாவதில் எதைப் போட்டாலும் யாருக்கும் நட்டமில்லை. பெயரை விட்டுவிட்டு ‘எதிர்பார்க்கிறோம்’ என்று மட்டும் எழுதினேன்.

மூன்றாவதில்தான் பணம் இருந்தது. முன்னால் வந்த எடை வாக்கியத்தின் போக்கிலேயே போய், ‘இறக்குக்கூலியை நாங்கள் ஏற்க வேண்டியிருக்கும்’ என்று எழுதிவிட்டேன். விவசாயிகள் மகிழ்ந்தார்கள். கணக்கு வந்தபோது லாரிக்கு 1,800 ரூபாய் கூலியில் பாதி, 900 ரூபாய், பிடிக்கப்பட்டிருந்தது. ஐந்து லாரிக்கு 4,500 ரூபாய். நிறுவனம் எண்ணியது ‘நாம்’: நீங்கள் பாதி, நாங்கள் பாதி. ஆங்கிலக் கடிதத்தைப் பார்த்தால் அவர்கள் சொல்வதும் பிழையில்லை, நான் எழுதியதும் பிழையில்லை. விவசாயிகள் கையில் இருந்ததோ என் தமிழ். ‘நாங்கள் என்று எழுதியிருக்கிறதே, சார்’ என்று பெரியவர் ஒருவர் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்டினார். என்னிடம் பதில் இல்லை. நான்கு நாள் தொலைபேசியில் இழுபறிக்குப் பிறகு நிறுவனம் அந்தப் பருவத்துக்கு மட்டும் விட்டுக்கொடுத்தது.

அதன் பிறகு நான் செய்வது இது. ஒவ்வொரு ‘வீ’யையும் பென்சிலால் வட்டமிடுவேன். பக்கத்தில் ‘உங்களையும் சேர்த்து’ என்று மனத்துக்குள் படித்துப் பார்ப்பேன். பிறகு ‘நீங்கள் இல்லாமல்’ என்று படித்துப் பார்ப்பேன். ஒன்று அபத்தமாக ஒலித்தால் மற்றது சரி. ஒரே பத்தியில் வருகிற இரண்டு ‘வீ’க்கள் ஒரே ஆட்களைத்தான் குறிக்கும் என்று நம்பக் கூடாது, என்னைக் கவிழ்த்தது அந்த நம்பிக்கைதான். இரண்டுமே பொருந்தினால், அந்த வாக்கியத்தில் பணமோ பொறுப்போ கெடுவோ இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லை என்றால் பெயரை விட்டு ‘ஓம்’ விகுதியோடு நிறுத்திவிடலாம், தமிழ் வாசகருக்கு அது உறுத்தாது. இருந்தால், எழுதியவரைக் கேட்காமல் ஒரு வரிகூட நகரக் கூடாது. அப்படிப்பட்ட இடத்தில் பெயரை விடுவதும் ஆபத்து. மூலத்தில் இருந்த மங்கல் அப்படியே தமிழுக்கு வந்து, சண்டை அறுவடைக்குப் பிறகு வரும். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு ஒப்பந்தங்களில் நான் நாம், நாங்கள் என்றே எழுதுவதில்லை. ‘வாங்குபவர்’, ‘விற்பவர்’, ‘இரு தரப்பினரும்’ என்று எழுதிவிடுகிறேன்.

எலத்தகிரியில் என் பாட்டி ஜெபத்தில் ‘எங்கள் தந்தையே’ என்கிறார், பிரசங்கத்தில் பாதிரியார் ‘நம் ஆண்டவர்’ என்கிறார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தானே?

ஜெபத்தில் கேட்பவர் கடவுள். கடவுளுக்கும் சேர்த்து ஒரு தந்தை என்று சொல்ல முடியாது, ஆகவே எங்கள். பிரசங்கத்தில் கேட்பவர்கள் சபையார். ஆண்டவர் அவர்களுக்கும் உரியவர், ஆகவே நம். பாட்டியும் பாதிரியாரும் இருவருமே சரி.

விவிலியத்தைத் தமிழாக்கியவர்களுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் இந்த வேலை இருந்திருக்கும். மாற்கு நற்செய்தியில் புயலில் படகு மூழ்கப் பார்க்கிறது, இயேசு தூங்குகிறார், சீடர்கள் எழுப்பி, சாகப்போவதைப் பற்றி உமக்குக் கவலையில்லையா என்று கேட்கிறார்கள். சாகப்போகிறவர்களில் அவரும் உண்டா? கிரேக்க மூலம் ஆங்கிலம் போலவே வாயைத் திறக்காது. ‘நாம்’ என்று போட்டால் சீடர்கள் அவரையும் மூழ்கக்கூடிய மனிதராக எண்ணினார்கள் என்றாகும். ‘நாங்கள்’ என்றால் அவருக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினார்கள் என்றாகும். பழைய தமிழ் வேதாகமம் ‘நாங்கள்’ என்கிறது. ஒரு பெயர்ச்சொல்லுக்காக இறையியலையே முடிவு செய்ய வேண்டிய நிலை.

நான் ஒரே பிள்ளை. ஆனாலும் ‘எங்கள் அம்மா’ என்றுதான் சொல்கிறேன். யார் அந்த ‘எங்கள்’?

வீடு. அம்மா, வீடு, ஊர், தெரு போன்றவற்றைத் தனியாள் சொத்தாகச் சொல்வதை விடக் குடும்பத்தின் சார்பில் சொல்வது தமிழ் வழக்கம். கேட்பவர் அந்தக் குடும்பத்தில் இல்லாததால் ‘எங்கள்’. உடன்பிறந்தவர் ஒருவர் இருந்து அவரிடம் பேசினால் அது தானாகவே ‘நம் அம்மா’ ஆகிவிடும். அக்காவிடமே ‘எங்கள் அம்மா’ என்று ஒருவர் சொன்னால், வீட்டில் பாகப்பிரிவினை நடக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

திருமணமாகி வந்த பெண் கணவரிடம் ‘எங்கள் வீடு’ என்றால் பிறந்த வீடு, ‘நம் வீடு’ என்றால் புகுந்த வீடு. காவேரிப்பட்டணத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாவுக்குப் பேரன் பிறந்துவிட்டான். இன்னமும் அவர் சேலத்தில் இருக்கிற பிறந்த வீட்டை ‘எங்கள் வீடு’ என்கிறார். கணவர் அதைத் திருத்த முயன்று விட்டுவிட்டார்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் என்னிடம் ‘நமக்கு எந்த ஊர்?’ என்று கேட்டார். அவர் ஊர் அவருக்குத் தெரியாதா?

தெரியும். அவர் கேட்டது உங்கள் ஊரை. முன்பின் தெரியாதவரிடம் ‘உனக்கு’ என்றால் அலட்சியம், ‘உங்களுக்கு’ என்றால் ஒரு கை தள்ளி நிற்பது போல இருக்கும். அதனால் ‘நமக்கு’ என்று தன்னையும் சேர்த்துக்கொண்டு கேட்கிறார். இலக்கணப்படி நாம், பொருள்படி நீங்கள். வரவேற்பறையில் மருத்துவர் ‘நமக்கு என்ன தொந்தரவு?’ என்பதும் இந்த வகைதான்.

பதில் சொல்லும்போது மட்டும் கவனம் வேண்டும். ‘நமக்குப் பாலக்கோடு’ என்று திருப்பிச் சொல்லிவிட்டால் பெரியவரும் பாலக்கோட்டுக்காரர் ஆகிவிடுவார். ‘எனக்குப் பாலக்கோடு. உங்களுக்கு?’ என்று கேளுங்கள். அவர் ‘நமக்கு மாரண்டஅள்ளி’ என்பார்.